ஒரே ரீடிங், ஒரு தாக்கு பழுப்பு, ஒரு தாக்கு பச்சை: வயலில் ரெடாக்ஸ் பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கண்மாய்க்கரை
திருவாடானைக்குக் கிழக்கே, கடல் பக்கம் எங்கள் வயல். பள்ளத் தாக்கு மணல் சாரி, தக்கைப்பூண்டு மடக்கி உழுதது, அந்த வருடம் மழை நின்று பெய்ததால் தண்ணீர் வடியவே இல்லை. நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து அடி இலைகளில் நுனியிலிருந்து சிறுசிறு பழுப்புப் புள்ளி. வேரெல்லாம் துருப் பிடித்த மாதிரி. மச்சான் ரெடாக்ஸ் மீட்டர் கொண்டுவந்து குத்தினார், சேற்றில் காற்று தீரத் தீர எண் கீழே இறங்குமே, அதுதான். பள்ளத்தில் −170 மில்லிவோல்ட். வரப்பு தாண்டி மேட்டுத் தாக்கில் −185. மேட்டில்தான் ரீடிங் இன்னும் கீழே, ஆனால் அங்கே பயிர் கரும்பச்சையாக நிற்கிறது! பிஹெச் பள்ளத்தில் 6.2, மேட்டில் 7.6. இரும்பு நஞ்சு என்று சொல்லி மடையைத் திறந்து தண்ணீரை வடித்தோம், புது இலை சுத்தமாக வந்தது. ஆனாலும் அந்த இரண்டு ரீடிங்கும் மனதை விட்டுப் போகவில்லை.

உப்பளத்தான்
எங்களுக்கும் இதேதான். தேவிபட்டினம் பக்கம், கடல் தண்ணீர் ஏறிய வயல். மிதித்தால் சேறு கருப்பாகப் பொங்கும், அழுகின முட்டை வாடை. ஒரு நாற்றைப் பிடுங்கினேன், வேர் கரிக்கட்டை போல இருந்தது. வரப்பில் போட்டுவிட்டுப் பீடி பற்றவைத்துத் திரும்பினால் அதே வேர் செம்பழுப்பாகிக் கிடக்கிறது. இரும்புதானே இது?

வயல்டாக்டர்
−150க்குக் கீழே போனால் இரும்பு நஞ்சு, அவ்வளவுதான். தண்ணீரை வடித்துவிட்டு ஜிப்சம் போடுங்கள், சரியாகிவிடும்.

பழைய லேப்காரர்
வடிப்பது சரி, ஜிப்சம் வேண்டாம். அது பிஹெச்சை உயர்த்தாது. சல்பேட்டைத்தான் கூட்டும், தண்ணீர் நிற்கிற வயலில் அது உப்பளத்தான் சொல்கிற முட்டை வாடையில் போய் முடியலாம். பள்ளத்துக்குப் போட்டால் சுண்ணாம்பு.

கண்மாய்க்கரை, நான் கேரளத்துக் குட்டநாட்டின் புளிப்புக் கரி நிலங்களில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன். உங்கள் மீட்டரில் ஒப்பீட்டுக் கம்பி வெள்ளிக் குளோரைடு என்றால், பொது அளவுக்குக் கொண்டுவர, காட்டுகிற எண்ணோடு ஏறத்தாழ 200 கூட்ட வேண்டும். அப்படியானால் பள்ளம் +30, மேடு +15. இரண்டிலும் துரு இரும்பு ஒடுங்கிக் கரைகிற நிலைதான், சல்பேட் ஒடுங்கிச் சல்பைடாகிற ஆழத்துக்கு இன்னும் போகவில்லை. வித்தியாசம் ரெடாக்ஸில் இல்லை, பிஹெச்சில் இருக்கிறது. ரெடாக்ஸ் மாறாமல் பிஹெச் ஒரு யூனிட் இறங்கினால், கணக்குப்படி கரைந்த இரும்பு ஆயிரம் மடங்குவரை ஏறலாம். மண்ணில் அவ்வளவு ஏறாது, வேறு உப்பாகப் படிந்து ஓரளவு அடங்கிவிடும். ஆனாலும் 6.2க்கும் 7.6க்கும் நடுவே வேர் குடிக்கிற தண்ணீர் வேறு வேறு.

ஒன்று சொல்லுங்கள்: பள்ளத்து மண் காய்ந்திருக்கும்போது பிஹெச் எவ்வளவு? தண்ணீர் நின்றால் புளிப்பு மண்ணும் களர் மண்ணும் இரண்டுமே 7 பக்கம் நகரும். மூன்று வாரம் நின்றும் 6.2 என்றால் காய்ந்த மண் நல்ல புளிப்பாக இருந்திருக்க வேண்டும். ராமநாதபுரம் கரையில் அது அபூர்வம்.

உப்பளத்தான், உங்களுடையது வேறு கதை. கடல் தண்ணீரின் சல்பேட் சல்பைடாகி, இரும்பைப் பிடித்துக் கருப்பாகப் படிந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் அது சிவக்கும். உங்கள் வயலில் இரும்பு மிச்சம் இருக்கிறவரை நல்லது. அது தீர்ந்தபின் சல்பைடே வேரைக் கொல்லும்.

வயல்டாக்டர்
200 கூட்டு, கழி என்பதெல்லாம் லேப் பேச்சு. விவசாயிக்கு மீட்டர் காட்டுகிறதுதான் எண்.

பழைய லேப்காரர்
அப்படியே −185 என்று பார்த்தால் அது சல்பேட் ஒடுங்குகிற ஆழம், கண்மாய்க்கரையின் மேட்டில் முட்டை வாடை அடித்திருக்க வேண்டும். அடித்ததா?

மண்வெட்டி_தொண்டி
கேட்காமலே சொல்கிறேன். சேற்றை டப்பாவில் அள்ளி வீட்டில் வைத்து அளக்காதீர்கள். காற்றுப் பட்டால் ரெடாக்ஸ் ஏறும், கரிவாயு பறந்தால் பிஹெச்சும் ஏறும், வயலில் இல்லாத நல்ல சேதி கிடைக்கும். கம்பியை வேர் ஆழத்துக்கு, ஒரு சாண் போதும், குத்திவிட்டு அசைக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். எண் ஓடுவது அடங்கினபிறகு குறியுங்கள். ஒரு தாக்கில் நாலைந்து இடம் பாருங்கள், ஒரு குத்தை நம்பாதீர்கள்.

வடிப்பதில் இன்னொன்று. மயிரிழை வெடிப்பு விடுகிறவரை போதும், பாளம் பாளமாக வெடிக்க விடக் கூடாது. கரைந்த இரும்பு துருவாக மாறும்போதே மண் கொஞ்சம் புளிக்கும். காய்ந்த நாட்களில் நைட்ரேட்டான தழைச்சத்து, திரும்பத் தண்ணீர் விட்டதும் காற்றோடு போய்விடும். மேலுரம் போடுவதென்றால் தண்ணீர் கட்டும்போது போடுங்கள். சாம்பல் சத்து குறைந்த மணலில் வேர் இரும்பைத் தடுக்கும் வலுவை இழக்கும், பொட்டாஷைப் பாருங்கள். அதைவிட, நம் ஊரில் கண்மாய்த் தண்ணீரை வடித்தபின் அடுத்த தண்ணீர் எங்கிருந்து வரும்? மழை உறுதி இல்லையென்றால் நான் மடையைத் தொட மாட்டேன்.

கண்மாய்க்கரை
மேட்டில் வாடை இல்லை. பள்ளத்துக் காய்ந்த மண்ணை இந்தக் கோடையில் பார்த்தோம், 5.4. மேட்டில் சுண்ணாம்பு ஓடைக்கல் கிடக்கிறது, பள்ளத்தில் ஒன்றுகூட இல்லை.

வயல்டாக்டர்
சரி, துத்தநாகக் குறைவாக இருந்தால்? அதற்கும் அடி இலையில்தான் பழுப்பு வரும்.

பழைய லேப்காரர்
நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு மேட்டுத் தாக்குதான் முதலில் விழுந்திருக்கும், பிஹெச் ஏற ஏறத்தான் துத்தநாகம் கிடைக்காது. வடித்தால் அதுவும் ஓரளவு தேறும் என்பதால், பயிர் பிழைத்ததை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது. இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளுத்திருந்ததா?

கண்மாய்க்கரை
அதைப் பார்க்கவில்லை அண்ணே.