உதவி: பாட்டியின் 80ஆம் பிறந்தநாள் வாழ்த்து – எதுகை சரியாக இருக்கிறது, உயிர் இல்லை

நித்திலம்:
வணக்கம். வரும் ஞாயிறன்று எங்கள் பாட்டிக்கு 80 வயது நிறைகிறது. அன்று மாலை படிப்பதற்கு நான்கு அடிகள் எழுதினேன். மோனை, எதுகை இரண்டும் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

எண்பது வயதை எட்டிய ஏந்தலே
பண்பது நிறைந்த பாசப் பைங்கொடி
கண்ணது இமைபோல் காத்தாய் எம்மையே
விண்ணது போற்ற வாழ்க வாழ்கவே

அம்மா படித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் நம் பாட்டி எங்கே?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எதுகையை விட்டுவிட்டு உரைநடையாக எழுதிவிடவா? பாட்டி ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆனால் பழமொழியும் விடுகதையும் தாளத்தோடு சொல்வார். ஓசை இல்லாமல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சந்தப்பிரியன்:
சிக்கல் எளிது, சகோதரி. 'எண்பது' கடினமான சொல், அதை விட்டுவிடுங்கள். 'பாட்டி' என்றே தொடங்குங்கள். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதும். 'பாட்டி', 'பட்டு', 'கட்டி', 'தொட்டில்' என்று சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஒவ்வோர் அடியையும் 'வாழ்கவே', 'சூழ்கவே' என்று முடித்தால் எதுகை இன்னும் அழகாக வரும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும் என்பது சரி. முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டீர்கள். 'பாட்டி', 'பட்டு' இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முன்னது நீண்டு வந்து 'ட்'டில் நிற்கிறது, பின்னது குறுகி வந்து நிற்கிறது. காது அவற்றை ஒரு சோடியாகச் சேர்க்காது. பாட்டிக்கு ஊட்டி, வீட்டில், நீட்டி என்று நெடிலில் தொடங்குபவைதான் இணை. அடியின் கடைசியில் வரும் ஒலி ஒற்றுமைக்கு இயைபு என்று பெயர், அது எதுகை ஆகாது.

நித்திலம், 'எண்பது' நல்ல தொடக்கம், அதை விடாதீர்கள். உங்கள் பாட்டில் எதுகைக் குறை எதுவும் இல்லை. எண், பண், கண், விண் நான்கும் குறிலில் தொடங்கி 'ண்' வருபவை. பழுது வேறு இடத்தில் இருக்கிறது. பண்பது, கண்ணது, விண்ணது ஆகியவற்றில் உள்ள 'அது'வை எடுத்துப் பாருங்கள். பொருள் குறைகிறதா? குறையவில்லை. சீரை நிரப்ப மட்டுமே வந்த சொல் அது. நாம் பேசும்போது "பண்பது நிறைந்தவர்" என்று சொல்வதில்லை, அதனால்தான் காது உறுத்துகிறது.

அடுத்தது, ஒலிக்காக உள்ளே வந்த ஆட்கள். 'ஏந்தல்' என்பது அரசனையோ ஆண்மகனையோ சொல்லும் சொல். 'பைங்கொடி' இளம்பெண்ணுக்கு உரியது. எ–ஏ, பா–பை என்ற மோனைக்காக இருவரையும் அழைத்து வந்துவிட்டீர்கள், பாட்டிக்கு நாற்காலி இல்லாமல் போயிற்று.

ஒன்று சொல்லுங்கள்: பாட்டி என்றதும் உங்களுக்கு நினைவில் வரும் ஒரு காட்சி எது? 'அன்பானவர்' என்று சொல்ல வேண்டாம். அவர் கை என்ன செய்தது என்று சொல்லுங்கள்.

நித்திலம்:
எண்ணெய்க் குளியல், ஐயா. வெள்ளிக்கிழமை காலையில் பேத்திகள் எல்லோரையும் வரிசையாகத் திண்ணையில் உட்காரவைத்து, கிண்ணத்தில் காய்ச்சிய நல்லெண்ணெயை எடுத்து உச்சியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்ப்பார். ஓடினாலும் விடமாட்டார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, நீங்கள் எழுதியதை நீங்களே கேட்டீர்களா? எண்ணெய், திண்ணை, கிண்ணம். மூன்றும் 'எண்பது'க்கு எதுகை. தேடிப் போகாமல் உங்கள் நினைவுக்குள்ளேயே கிடந்தன. காட்சியை முதலில் எழுதிவிட்டு அதற்குள் எதுகையைப் பொறுக்குவதுதான் என் பழக்கம். சொற்பட்டியலிலிருந்து தொடங்கினால் பண்பும் விண்ணும்தான் வந்து நிற்கும்.

மோனையை எல்லாச் சீரிலும் திணிக்க வேண்டாம். நாற்சீர் அடியில் முதல் சீரும் மூன்றாம் சீரும் ஒன்றினால் போதும், பொழிப்பு மோனை என்பார்கள். இரண்டாவதும் நான்காவதும் பேச்சுப்போக்கில் வரட்டும். அதே எழுத்துத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. எ–வுக்கு இ, ஈ, ஏ மூன்றும் உறவு. அதே போல் தி–க்குத் தே உறவு. முதல் குறளைப் பாருங்கள்: அகர, பகவன் என்று எதுகை. முதல் அடியில் 'அகர'வுக்கு மோனையாகக் கடைசியில் ஓர் 'ஆதி', அவ்வளவே. உங்கள் கடைசி அடியில் விண்ணது–வாழ்க என்று வந்ததை வருக்க மோனை என்று ஏற்பவர்கள் உண்டு. என் காதுக்கு அது மெலிவு.

இப்படி ஒரு வரைவு:

எண்பது வயதாம், எங்களுக்கோ நீங்கள்
கிண்ணத்தில் எண்ணெயோடு கிட்டவரும் பாட்டி.
திண்ணையில் அமரவைத்துத் தேய்த்துவிட்ட சூடு
இன்னமும் உச்சியில் இருந்து இறங்கவில்லை.

சீர் பிரிக்காமல் உரைநடையாக ஒருமுறை படியுங்கள். எந்த இடத்திலும் நாக்கு இடறக் கூடாது. இடறினால் அந்தச் சொல் ஓசைக்காக மட்டும் வந்தது என்று பொருள். இது வெண்பா இல்லை, தளை எதுவும் பார்க்கவில்லை. நாற்சீர் நடை மட்டுமே.

வேப்பமரத்தடி:
மரபில் எழுதுவதானால் முழுமையாக எழுத வேண்டும் என்பது என் கருத்து. நான்காம் அடியில் 'இன்னமும்' என்று ன் வருகிறதே, மற்ற மூன்றிலும் ண். 'எண்ணினால் உச்சியில்' என்று மாற்றினால் எதுகை பிசகாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ன், ண் இரண்டும் மெல்லினம். இன எதுகை என்று இலக்கணமே இடம் தருகிறது. ஆனால் கண்டிப்பான காதுக்கு அது ஒரு படி குறைவுதான், மறுக்கவில்லை. 'எண்ணினால்' என்று போட்டால் எதுகை இறுகும். ஆனால் அந்தச் சூடு நினைத்துப் பார்க்கும்போது மட்டும் இருப்பதாகிவிடும். 'இன்னமும்' என்றால் அது எப்போதும் இருக்கிறது. நான் பொருள் பக்கம் நிற்கிறேன்.

வேப்பமரத்தடி:
அச்சில் நிற்கப்போவது எழுத்து. நான் 'எண்ணினால்' பக்கமே.

கொல்லைப்புறம்:
குறுக்கே ஒரு கேள்வி. என் பேரனின் பெயர் 'ஜ'வில் தொடங்குகிறது. முதல் வயது நிறைவுக்குப் பெயரை வைத்தே தொடங்க ஆசை. மோனைக்கு எங்கே போவது? ஜகம், ஜெயம் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பழைய இலக்கணத்தில் ஜகரத்துக்கு இடம் இல்லை. நான் சகரத்தோடு சேர்ப்பேன். ஜ, ஜா என்றால் சந்தனம், சாய்ந்து, சக்கரம். ச–வுக்குத் த–வும் மோனை என்பதால் தவழும், தாவி, தாத்தா வரை போகலாம் என்பார்கள். ஆனால் ஜ–விலிருந்து த–வுக்குத் தாவும்போது ஒலி தேய்ந்துவிடுகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இன்னொரு வழி: பெயரை இரண்டாம் சீரிலோ நான்காம் சீரிலோ வைத்துவிட்டால் மோனைப் பொறுப்பு அதற்கு இல்லை.

நித்திலம்:
ஐயா, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மூன்றாம் அடியில் தன் உச்சியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: வீட்டில் யாரும் பாட்டியை 'நீங்கள்' என்பதில்லை. அதனால் முதல் அடி இப்படி:

எண்பது வயதாம், எங்களுக்கு நீயோ

எங்களுக்கு என்பது மூன்றாம் சீரிலேயே இருப்பதால் மோனை கெடவில்லை என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
கெடவில்லை. 'நீங்கள்' என்று நான் எழுதியது உங்கள் வீட்டை அறியாமல்.

சந்தப்பிரியன்:
குறில், நெடில் விஷயம் இன்றுதான் பிடிபட்டது, நன்றி ஐயா. ஆனால் பாட்டில் 'வாழ்க' என்ற சொல்லே இல்லையே. வாழ்த்து என்றால் வாழ்த்த வேண்டாமா?

நித்திலம்:
அம்மாவும் அதையே கேட்டார். நான்கு அடிகளுக்குக் கீழே ஓர் இடைவெளி விட்டு, 'நூறாண்டு வாழ்க, பாட்டி' என்று தனி வரியாக வைத்திருக்கிறேன். 'இன்னமும்' அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.