புதுப்பிப்பு: டெஸ்டிங்கில் குவிந்த கார்டுகள்

"எங்கள் சாஃப்ட்வேர் டீமின் வேலைப் போர்டில் டெஸ்டிங்கில் மட்டும் 11 கார்டு நிற்கிறது. இன்னொரு டெஸ்டரைக் கேட்கலாமா?" (போன மாதம் நான் கேட்டது)

கேட்கவில்லை. "குவியும் இடத்தில் ஆளைப் போடுங்கள்" என்று பதிலில் ஒருவர் சொன்னது பாதி சரி. இன்னொருவர் தன் டீமில் கோட் ரிவ்யூ இழுப்பதைப் பற்றி எழுதினார். அன்று எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அனுபவமுள்ள ஒருவர்தான் டெஸ்டிங்கை 'காத்திருப்பு', 'நடக்கிறது' என்று இரண்டாகப் பிரிக்கச் சொன்னார்.

பிரித்தோம். 9 கார்டு காத்திருப்பில் இருந்தது. ஆனால் இரண்டு டெஸ்டர்களில் ஒருவர் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்! டெஸ்ட் சர்வர் ஒன்றுதான். ஒருவருடைய பில்ட் அதில் இருக்கும்வரை மற்றவர் தொட முடியாது. மூன்றாவது டெஸ்டர் வந்திருந்தால் அவரும் வரிசையில்தான் நின்றிருப்பார்.

முதலில், செலவில்லாமல், அடுத்த பில்டை இரவிலேயே ஏற்றி வைத்தோம். காத்திருப்பு 4 கார்டைத் தாண்டினால் டெவலப்பர்கள் புது வேலை எடுப்பதில்லை. வாரத்துக்கு 5 கார்டு முடிந்துகொண்டிருந்தது, 7 ஆனது. அப்புறம்தான் இரண்டாவது சர்வர் வாங்கினோம்; இப்போது 10.

இந்த வாரம் கோட் ரிவ்யூவில் 6 கார்டு நிற்கிறது. அங்கே ஆள் குறைவா, கார்டுகள் பெரிதா என்று இன்னும் பிடிபடவில்லை.