புதுப்பிப்பு: ஐசியூ சிஸ்டர்களுக்கு நன்றி சொன்ன விதம்

நான் கேட்டிருந்தது: "அப்பா 74 நாள் ஐசியூவில் இருந்து வீட்டுக்கு வருகிறார். சிஸ்டர்கள் பணம் வாங்க மறுக்கிறார்கள். எப்படி நன்றி சொல்வது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஸ்வீட் பாக்ஸ் யோசனை. பகல் ஷிஃப்டிலேயே காலி. நைட் சிஸ்டர்களுக்கு மிஞ்சவில்லை. பலித்தது ரிட்டயர்டு நர்ஸ் அக்கா சொன்னதுதான்: "நல்லா பாத்துக்கிட்டாங்கன்னு பொதுவா எழுதாத, செஞ்சதை எழுது. நர்சிங் சூப்பரிண்டெண்ட்கிட்ட குடு."

ஜிபிஎஸ் என்ற நரம்பு நோய் வந்து கைகால் அசையாமல் வென்டிலேட்டரில் கிடந்த அப்பாவை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்ததை எழுதினேன். படுக்கைப்புண் வரவே இல்லை. தொண்டையில் குழாய், பேச்சில்லை. அட்டையில் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டி, கண் சிமிட்டச் சொல்லி, அவர் கேட்பது "கால் மடக்கு" என்று கண்டுபிடித்தவர் ஒரு நைட் சிஸ்டர். அதையும் எழுதினேன்.

எதிர்பாராதது, சூப்பரிண்டெண்ட் அந்த நைட் சிஸ்டரின் பெயரும் தேதியும் கேட்டார். நான் விழித்தேன், அம்மாவின் பால் கணக்கு நோட்டில் இருந்தது! கடிதத்தின் நகல் அந்த சிஸ்டரின் பணிக்கோப்பில் சேர்ந்துவிட்டது.

பதில்களுக்கு நடுவே தன் அம்மாவின் படுக்கைப்புண்ணுக்கு மருந்து கேட்ட தம்பி, அதைத் தனிப் பதிவாகக் கேளுங்கள். இங்கே யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வார்டு அட்டெண்டர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். அவர்களுக்கான கடிதத்தை யாரிடம் கொடுப்பது? இன்னும் என் பையில்தான் இருக்கிறது.