வீடு ஒப்படைப்பில் தாமதம்: பதிவிலிருந்து விலகி வட்டியுடன் பணத்தைத் திரும்பப் பெற என்ன செய்ய வேண்டும்?

வாடகைவீட்டுக்காரி:
அனைவருக்கும் வணக்கம். கூடுவாஞ்சேரிக்கு அருகே கட்டப்பட்டுவரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 62 லட்ச ரூபாய்க்கு ஒரு வீட்டை முன்பதிவு செய்தோம். 2021 மார்ச்சில் 6 லட்சம், ஒப்பந்தம் பதிவான அதே ஆண்டு செப்டம்பரில் வங்கிக் கடனையும் சேர்த்து 20 லட்சம், 2022 மார்ச்சில் 14 லட்சம் என மொத்தம் 40 லட்சம் கொடுத்திருக்கிறோம். ஒப்பந்தப்படி 2023 ஜூனுக்குள், ஆறு மாதச் சலுகைக் காலத்தைச் சேர்த்தாலும் அந்த டிசம்பருக்குள், சாவி கைக்கு வந்திருக்க வேண்டும். இப்போது 2025 செப்டம்பர். எங்கள் தளத்தில் செங்கல் சுவர் மட்டும்தான் எழும்பியிருக்கிறது; லிஃப்டுக்காகத் தோண்டிய குழியில் மழைநீர் தேங்கி நிற்கிறது.

விலகிக்கொள்கிறோம் என்று சொன்னதும், கட்டுமான நிறுவனம் ஒரு ரத்து விண்ணப்பத்தை அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறது. "சொந்தக் காரணங்களுக்காக" என்று அதில் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கிறது. வீட்டு விலையில் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு, மீதியை வேறொருவருக்கு வீடு விற்ற பிறகு வட்டியில்லாமல் தருவார்களாம். வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ரெராவில் 2026 டிசம்பர் வரை நீட்டிப்பு வாங்கிவிட்டதால் தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் வாதிடுகிறார்கள். இதில் கையெழுத்திடலாமா?

கோவை_ராமு:
ரத்து செய்ய அவசரப்படாதீர்கள், சகோதரி. எங்கள் வீடும் இரண்டு ஆண்டுகள் தாமதமாயிற்று. நாங்கள் விலகாமல், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்டு ரெராவில் மனு கொடுத்தோம். உத்தரவும் கிடைத்தது, வீடும் கிடைத்தது. இன்றைய விலைக்கு அதே பகுதியில் வேறு வீடு வாங்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

வாடகைவீட்டுக்காரி:
மிக்க நன்றி, ஐயா. ஆனால் வாடகையும் மாதத் தவணையும் சேர்ந்து எங்களை நெருக்குகின்றன; அந்தக் கட்டடம் முடியும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. விலகுவது என்று முடிவெடுத்துவிட்டோம். எப்படி விலகுவது என்பதே என் கேள்வி.

தென்றல்72:
கையெழுத்திடவே கூடாது. ரெராவில் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் படிவம் 'என்' மூலம் மனு கொடுங்கள்; அசல், வட்டி, இழப்பீடு மூன்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். அல்லது நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே போதும்.

சங்கச்செயலாளர்:
எங்கள் குடியிருப்பில் சிலருடைய மனுக்களோடு பல ஆண்டுகள் அலைந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தென்றல் அவர்கள் சொன்ன நுகர்வோர் ஆணையக் கணக்கு சரியானது. படிவம் 'என்' விஷயம் பழைய நடைமுறை. நியூடெக் வழக்கில் 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அசலையும் வட்டியையும் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரம் ரெரா ஆணையத்துக்கே உரியது. அதற்குப் படிவம் 'எம்'. மன உளைச்சல், வாடகைச் செலவு போன்றவற்றுக்கான இழப்பீட்டுக்கு மட்டும் படிவம் 'என்' வழியாகத் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் தனியாகச் செல்ல வேண்டும்.

இனி அந்த ரத்து விண்ணப்பத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஆபத்து முழுவதும் அந்த ஒற்றைத் தாளில்தான் இருக்கிறது. வாங்கியவர் தன் சொந்தக் காரணத்துக்காகப் பின்வாங்குவது வேறு. நிறுவனம் சொன்ன தேதியில் வீட்டைத் தராததால் ரெரா சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ் விலகுவது வேறு. முதலாவதில் ஒப்பந்தத்தின் 10 சதவீதக் கழிவு விதி உங்கள் கழுத்தைப் பிடிக்கும். இரண்டாவதில் கழிவு என்ற பேச்சே எழக் கூடாது. கேட்ட மாத்திரத்தில் முழுத் தொகையையும் வட்டியுடன் தர வேண்டும். "சொந்தக் காரணங்களுக்காக" என்ற வரியின் கீழ் கையெழுத்திட்டால், இரண்டாவது வழக்கை நீங்களே முதலாவதாக மாற்றிக் கொடுத்தவர் ஆவீர்கள்.

ஆகவே, அவர்களுடைய படிவத்தை ஒதுக்கிவிட்டு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். ஒப்பந்தத்தின் தேதி, அதில் குறித்த ஒப்படைப்புத் தேதி, சலுகைக் காலமும் முடிந்துவிட்ட விவரம், ஒவ்வொரு தவணையும் கட்டிய நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 18ஆம் பிரிவின்படி திட்டத்திலிருந்து விலகுவதாகவும் தொகையை வட்டியுடன் கோருவதாகவும் எழுதிப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். "ரத்து" என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது.

ரெரா நீட்டிப்பு என்பது அவர்களுடைய பதிவு காலாவதியாகாமல் இருப்பதற்கான ஏற்பாடு. உங்களோடு செய்த ஒப்பந்தத்தின் தேதியை அது தள்ளிவைக்காது. நீல்கமல் ரியல்டர்ஸ் வழக்கில் 2017 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வாடகைவீட்டுக்காரி:
மிகத் தெளிவாக விளங்கிற்று, ஐயா. வட்டி எந்த நாளிலிருந்து கணக்கிடப்படும்? 2023 டிசம்பரிலிருந்தா?

சங்கச்செயலாளர்:
இல்லை. வீட்டை வைத்துக்கொண்டு தாமத வட்டி கேட்பவருக்குத்தான் ஒப்படைப்புத் தேதியிலிருந்து கணக்கு. ராமு அவர்களுடையது அந்த வகை. விலகுபவருக்கோ, நிறுவனம் ஒவ்வொரு தொகையையும் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து திருப்பித் தரும் நாள் வரை வட்டி உண்டு. தமிழக விதிகளின்படி விகிதம், ஸ்டேட் வங்கி கடன்களுக்கு வைக்கும் அடிப்படை வட்டியான எம்சிஎல்ஆரின் அதிகபட்ச அளவோடு 2 சதவீதம். கணக்குக்காக 11 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 6 லட்சத்துக்கு நாலரை ஆண்டுகளில் 2.97 லட்சம், 20 லட்சத்துக்கு நான்கு ஆண்டுகளில் 8.80 லட்சம், 14 லட்சத்துக்கு மூன்றரை ஆண்டுகளில் 5.39 லட்சம். வட்டி மட்டும் 17.16 லட்சம், அசலோடு 57.16 லட்சம். அவர்கள் வழியில் போனால் 6.20 லட்சம் கழிந்து 33.80 லட்சம், அதுவும் வீடு விற்றால்தான்.

ஒன்று கேட்க வேண்டும். பிரிபடாத மனைப் பாகம், அதாவது யுடிஎஸ், உங்கள் பெயரில் கிரயமாகிவிட்டதா?

வாடகைவீட்டுக்காரி:
ஆம், வங்கி கேட்டதால் 2021 செப்டம்பரிலேயே பதிவாகிவிட்டது. மூலப் பத்திரம் வங்கியில் இருக்கிறது.

சங்கச்செயலாளர்:
அப்படியானால் பணம் வருவதற்கு முன்பு எந்த ரத்துப் பத்திரத்திலும் கையெழுத்திடாதீர்கள். உங்கள் பிடி அந்த யுடிஎஸ்தான். நீங்கள் கையெழுத்திடாமல் அவர்களாக அந்தக் கிரயத்தை ரத்து செய்ய முடியாது. தொகை முழுவதும் கிடைத்ததும் அவர்கள் செலவில் எழுதித் தருவதாக மனுவிலேயே சொல்லிவிடுங்கள். வங்கிக்கும் இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள், ஏனெனில் திரும்பும் பணத்தில் கடன் பாக்கிதான் முதலில் கழியும். அதுவரை மாதத் தவணையை நிறுத்த வேண்டாம்.

தென்றல்72:
திருத்தத்துக்கு நன்றி. ஒரு கவலையை மட்டும் சேர்க்கிறேன். மனு நிலுவையில் இருக்கும்போது நிறுவனம் அவசரமாகப் பணி நிறைவுச் சான்று வாங்கி, "சாவியைப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று கடிதம் அனுப்பினால் என்ன ஆகும்? ஐரியோ கிரேஸ் வழக்கில் 2021 ஜனவரியில், சான்று பெற்று ஒப்படைக்க முன்வந்த கட்டடங்களில் வீடு வாங்கியோர் அதை ஏற்கத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே.

சங்கச்செயலாளர்:
அது நுகர்வோர் சட்ட வழக்கு. நியூடெக் தீர்ப்போ விலகும் உரிமையை நிபந்தனையற்றது என்கிறது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதில் வழக்கறிஞர்களே ஒருமித்துப் பேசுவதில்லை. சான்று வருவதற்கு முன்பே விலகல் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். ஆகவே கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள். லிஃப்டுக் குழியையும் சுவரையும் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

கோவை_ராமு:
உத்தரவு வாங்குவது பாதி வேலைதான். எங்கள் வட்டித் தொகை வருவாய் நிலுவை போல மாவட்ட ஆட்சியர் வழியாக வசூலாக வேண்டும் என்று போயிருக்கிறது, இன்னும் வந்தபாடில்லை.

சங்கச்செயலாளர்:
உண்மைதான். நிறுவனம் மேல்முறையீடு செய்தால் உத்தரவிட்ட தொகை முழுவதையும் தீர்ப்பாயத்தில் முதலில் கட்டியாக வேண்டும் என்பது ஓர் ஆறுதல்; மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இருப்பவர்களிடம்தான் இழுபறி.

வாடகைவீட்டுக்காரி:
கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். யுடிஎஸ் பதிவுக்குக் கட்டிய முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் படிவம் 'எம்' மனுவிலேயே கேட்கலாமா, அல்லது இழப்பீடாகத்தான் கேட்க வேண்டுமா?

சங்கச்செயலாளர்:
அது நிறுவனம் பெற்ற தொகை அல்ல என்பதால் இழப்பீட்டில் சேர்ப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து. இதில் அனுபவம் உள்ளவர்கள் யாரேனும் சொன்னால் நலம்.