நடப்புக் கணக்கில் கையெழுத்துப் போடுபவரை மாற்றணும்: மேலாளருக்கு என்ன எழுதுவது?

மண்டபம் வாசி: மூணு பேர் பங்கில் நண்டு, கணவாய் ஏவாரம். கணக்கில் மூத்த பங்குதாரர் கையெழுத்து மட்டும்தான். அவர் விலகுறார், இனி நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து போடணும். கடிதம் கொடுத்தோம், திருப்பிட்டாங்க. என்ன விட்டுப்போச்சு?

கீழக்கரை: போர்டு தீர்மானம் வச்சீங்களா? லெட்டர் பேடில், சீலோட வேணும்.

கணக்காளர்: லெட்டர் பேடு, சீல் சரி. தீர்மானம் கம்பெனிக்குத்தான். பங்கு நிறுவனத்துக்கு எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திட்ட கடிதமே போதும். உங்கள் கடிதத்தில் யார் யார் போட்டீங்க?

மண்டபம் வாசி: நாங்க ரெண்டு பேர்.

கணக்காளர்: அதான் காரணமா இருக்கும். வங்கிப் பதிவில் இன்னும் மூவரும் பங்குதாரர்கள். விலகுறவர் கையெழுத்து இல்லேன்னா உள்ளே தகராறுன்னு நினைப்பாங்க. மூவரும் சேர்ந்து இப்படி எழுதுங்க:

"மேலாளர் அவர்களுக்கு, எங்கள் நடப்புக் கணக்கு எண் …… ஐ இயக்கிவந்த திரு. …… அவர்கள் …… தேதியில் பங்கிலிருந்து விலகுகிறார். அன்று முதல் அவருடைய கையெழுத்து அதிகாரத்தையும் இணைய வங்கி உரிமையையும் நீக்கி, திரு. ……, திரு. …… இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டும் பணம் வழங்க வேண்டுகிறோம். கணக்கிலுள்ள கைபேசி எண்ணையும் மாற்றித் தரவும். அவர் முன்பே கொடுத்து இன்னும் வராத காசோலைகளை மட்டும், இணைத்த பட்டியல்படி ஏற்கவும்.

இணைப்பு: 1. விலகல் பத்திரம், நகலும் சரிபார்க்க அசலும். 2. நிறுவனம் பதிவானது என்றால், மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவித்த ஒப்புகை. 3. இனிக் கையெழுத்திடும் இருவரின் பான், ஆதார் நகல், போட்டோ. 4. மாதிரிக் கையெழுத்து அட்டை. 5. நிறுவனத்தின் பான், ஜிஎஸ்டி நகல். 6. நிலுவைக் காசோலைப் பட்டியல்."

ஆறாவதில் எண், தேதி, பெயர், தொகை நாலும் இருக்கணும். படகுக்காரங்ககிட்ட பின்தேதி செக் கொடுத்திருப்பீங்களே, மாற்றத்துக்குப் பிறகு அது வந்தா கையெழுத்து ஒத்துப்போகலைன்னு திரும்பும். அப்படித் திரும்பினாலும் காசோலை வழக்கு வரலாம்னு 2012-இல் லக்ஷ்மி டைகெம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பட்டியலை ஏற்க மாட்டோம்னு வங்கி சொன்னா, பழசை வாங்கிட்டுப் புது செக் கொடுங்க. அவர் கையெழுத்துப் போட்டு வச்ச வெற்று செக் ஏதும் இருந்தா கிழிச்சு ரத்து செய்யுங்க.

தேவிபட்டினம்: எங்க மகளிர் குழுவில் தலைவி மாறினப்ப தீர்மான நோட்டுதான் கேட்டாங்க.

கணக்காளர்: குழுவுக்கு அது சரிக்கா. இது வேற. மண்டபம், ஜிஎஸ்டி தளத்திலும் பங்குதாரர் மாற்றத்தை 15 நாளுக்குள்ள தெரிவிக்கணும். வங்கி மாற்றினா அது தானா மாறாது.

மண்டபம் வாசி: அதே வங்கியில சிசி கடனும் இருக்கே?

கணக்காளர்: அப்ப கடிதம் கொடுக்கும் முன் மேலாளரைப் பாருங்க. விலகுறவர் பொறுப்பு எவ்வளவுன்னு வரையறுக்க, அந்தக் கடன் கணக்கையே நிறுத்திட்டு வேற கணக்கு தொடங்கணும்னு வங்கி சொல்லலாம். சீசன்ல அப்படி ஆனா அன்றாடப் பட்டுவாடா நின்னுரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்ப செய்தா நிலுவைச் செக்கும் கம்மியா இருக்கும்.

மண்டபம் வாசி: அவர் வீட்டுப் பத்திரம் ஜாமீனா இருக்கு. அதையும் இதோட விடுவிப்பாங்களா?

கணக்காளர்: இந்தக் கடிதத்தால் நடக்காது, அது தனி மனு. வேற ஜாமீன் கேட்பாங்களா, பாக்கியைக் குறைக்கச் சொல்வாங்களான்னு உங்க கிளைதான் சொல்லணும்.