ஒரே படிவத்தில் இரண்டு காஸ்ட் சென்டர்: டேலி இம்போர்ட்டுக்கு உதவி தேவை

வணக்கம். கிண்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பயணச் செலவு பிடிஎஃப்பாகவும், கொள்முதல் கோரிக்கை ஸ்கேனாகவும், சில்லறைச் செலவு எக்செல்லாகவும் வருகிறது. மூன்றிலிருந்தும் காஸ்ட் சென்டரையும் ஒப்புதல் குறியீட்டையும் எடுத்து, டேலிக்கு ஏற்ற எக்ஸ்எம்எல் கோப்பாக்க வேண்டும்.

குறியீடுகளை எடுப்பது ஓரளவு நடக்கிறது. எடுத்த குறியீடுகள் இருக்கும் சிஎஸ்வியை நேராக எக்செல்லில் திறந்தால் `004120` என்பது `4120` ஆகிவிடும், `12E5` என்பது `1.20E+06` ஆகிவிடும். அதனால் பவர் க்வெரியில் இரண்டு பத்திகளையும் டெக்ஸ்ட்டாகவே வைக்கிறேன். ஸ்கேனில் `0`, `O` மாறினால் மாஸ்டர் பட்டியலோடு ஒப்பிடும்போது தெரிந்துவிடும்.

சிக்கல் இதுதான். ஒரு படிவத்தில் 18,000 ரூபாய். ஒரே ஒப்புதல் குறியீடு. அதில் 12,000 ஒரு காஸ்ட் சென்டருக்கு, 6,000 இன்னொன்றுக்கு. என் கோப்பில் இரண்டு வரிகள், டேலியில் இரண்டு வவுச்சர்கள். வேண்டியது ஒரே வவுச்சர், அதே லெட்ஜருக்குள் `COSTCENTREALLOCATIONS.LIST` இரண்டு முறை. ஒப்புதல் குறியீட்டை வைத்துச் சேர்க்கலாம் என்றால், பின்னால் வரும் திருத்தப் படிவமும் அதே குறியீட்டோடுதான் வருகிறது. இரண்டும் கலந்து தொகை தப்பாகிறது. படிவ எண் ஸ்கேன்களில் பாதிக்கு இல்லை.

இப்படிப்பட்ட வரிகளை எதை வைத்துக் குழுவாக்குகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், மாத முடிவுக்குள் தேவை.