எஸ்ஓபி முதல் பந்தியிலேயே நிக்குது, ஞாயிறு கடைசி நாள்

தலவாக்கலை நித்யா: லண்டன் வந்து ரெண்டு மாசம். மாஸ்டர்ஸ் விண்ணப்பத்துக்கு, ஏன் இந்தப் படிப்புன்னு விளக்குற எஸ்ஓபி எழுதணும். "சின்ன வயசில இருந்தே தேயிலை வாசத்தோட வளர்ந்தேன்"னு ஆரம்பிச்சேன், அதுக்கு மேல நகரல. பட்டப்படிப்புல ரெண்டாம் வருஷத்துல ரெண்டு பாடம் ரிப்பீட். அதையும் சொல்லணுமா? யாராவது உதவுங்க.

ஹட்டன் பையன்: தங்கச்சி, காசு 28 நாள் அசையாம கணக்குல இருக்கணும். நான் வந்த முதல் குளிர்காலம் இருக்கே, ஐயோ.

நித்யா: அண்ணே, அது மாணவர் விசாவுக்கு. நான் கணவரோட விசாவுல இங்கதான் இருக்கேன்.

பதுளை அக்கா: லயத்துக் கஷ்டத்த மனசு உருகுற மாதிரி எழுதுங்க. ரிப்பீட்ட பத்தி மூச்சு விடாதீங்க.

ராகலை குமரன்: மறைச்சு என்ன பண்ண, பெறுபேற்றுப் பத்திரத்துல அது இருக்குமே. நித்யா, என்ன பாடம், எத்தன சொல்?

நித்யா: உணவுப் பதப்படுத்தல் பொறியியல், 500 சொல். கடைசி வருஷ ஆய்வு, மழைக்காலத்துல கொழுந்து வாட்டுறது.

ஹட்டன் பையன்: ஏஜென்ட்மார் ஒரே எஸ்ஓபிய பத்துப் பேருக்கு விக்கிறானுங்க.

பதுளை அக்கா: அதுக்கும் காசு கேக்குறாங்க!

குமரன்: அத விடுங்க. வாசிக்கிறவருக்குத் தேயிலை வாசம் எதையும் சொல்லாது. அந்த வரிய எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் எழுதலாம். ஆய்வுல என்ன அளந்தீங்க?

நித்யா: தேயிலை ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற தொட்டியில மூணு இடத்துல மாதிரி எடுத்து ஈரம் பார்த்தேன். காத்தாடிப் பக்கம் 55 வீதத்துக்கு வந்தப்ப மறுமுனை 62ல நின்னுச்சு.

குமரன்: அதுதான் முதல் பந்தி. "மழையில் நனைந்து வரும் கொழுந்து தொட்டி முழுக்கச் சீராக வாடுவதில்லை. ஒரு முனை 55 வீத ஈரத்துக்கு வந்தபோது மறுமுனை 62இல் நின்றது. காரணத்தை என்னால் விளக்க முடியவில்லை." இத ஆங்கிலத்துல எழுதுங்க. அடுத்து எப்படி அளந்தீங்க, எங்க பிழைச்சுதுன்னு 200 சொல். அப்புறம் அந்தப் பல்கலைக்கழகத்துப் பாடப்பட்டியல திறந்து, விளக்க முடியாமப் போனதுக்கு உதவுற பாடத்தப் பேர் சொல்லி எழுதுங்க, 130 சொல் போதும். பல்கலைக்கழகப் பேர மாத்தினாலும் அந்தப் பந்தி பொருந்துதுன்னா அது வெறும் புகழ்ச்சி, வெட்டிடுங்க. மிச்சத்துல, படிச்சு முடிச்சு என்ன வேலை செய்யப் போறீங்கன்னு நேரா சொல்லுங்க. "ஆர்வம்", "கனவு" வர்ற இடமெல்லாம் செஞ்ச வேலையப் போடுங்க.

ரிப்பீட்டுக்கு ரெண்டு வரி: காரணம், பிறகு அதே வகைப் பாடத்துல எடுத்த பெறுபேறு. விண்ணப்பத்துல அதுக்குத் தனிப் பெட்டி இருந்தா அங்கேயே எழுதுங்க.

பதுளை அக்கா: அப்ப லயம் வேணவே வேணாமா? எனக்கு ஒப்பல.

குமரன்: புலமைப்பரிசில் படிவம் கேட்டா அங்க எழுதலாம் அக்கா. இதுல, எடுத்த ஒரு முடிவ விளக்க அது உதவினா மட்டும் ஒரு வரி.

நித்யா: பேராசிரியர் பேர் போடணுமா?

குமரன்: வகுப்பு வழிப் படிப்புன்னா பாடத்தின் பேர் போதும். ஆய்வுப் படிப்புன்னாதான் மேற்பார்வையாளர் பேர்.

நித்யா: அண்ணே, அந்த 62 ஒரே ஒரு தொட்டியில, மூணு நாள் பார்த்தது.

குமரன்: அப்ப "ஒரு தொட்டி, மூன்று நாள்"னே எழுதுங்க.